மூன்று சென்டிமீட்டர்: ஓவியங்களில் பொன் விகிதம்

(ஓவிய மாணவர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓவியன் அல்ல, கணக்கு வாத்தியார். ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக வடிவியல் நடத்துகிறேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் தன் கைபேசியை நீட்டினார். திரையில் மோனா லிசா, அவர் முகத்தின் மேல் நத்தை ஓடு போல ஒரு வெள்ளைச் சுருள். "பாருங்க சார், டாவின்சி பொன் விகிதத்துலதான் வரைஞ்சிருக்காரு" என்றார். சுருள் நெற்றியில் தொடங்கி, தாடையைச் சுற்றி, கைகளின் பக்கம் போய் முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று காலை அவர் பேருந்து நிலையத்தில் எடுத்த ஒரு படமும் அதே கைபேசியில் இருந்தது. அந்தச் சுருளை அதன் மேல் வைக்கச் சொன்னேன். கொஞ்சம் பெரிதாக்கினார், இடம் வலம் திருப்பினார், சற்றே நகர்த்தினார். நடத்துநரின் தலையில் தொடங்கிய சுருள் பின்சக்கரத்தைத் தொட்டு, பூக்கூடை வைத்திருந்த அம்மாவிடம் போய் நின்றது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் கேட்டதுதான் நல்ல கேள்வி: "அப்ப நிஜமாவே பொன் விகிதம் இருக்குற ஓவியத்தை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" இன்று அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விகிதம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டை இரண்டாக வெட்டுங்கள். முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமும், பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் உள்ள விகிதமும் ஒன்றாக வந்தால், அதுதான் பொன் வெட்டு. எண்ணாகச் சொன்னால் 1.618, அதற்கு மேலும் முடிவில்லாமல் போகும் தசமம். கோட்டின் நீளம் 100 என்றால் வெட்டு 61.8-இல் விழும். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் இதை எழுதிவைத்தார். ஆனால் அவர் இதற்குப் பொன் என்று பெயர் வைக்கவில்லை, அழகு என்றும் சொல்லவில்லை. ஐங்கோணம் வரைய அவருக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். "பொன்" என்ற அடைமொழி அச்சில் வந்தது 1835-இல், மார்ட்டின் ஓம் என்ற ஜெர்மானியக் கணித ஆசிரியரின் பாடநூலில். "கிரேக்கர்கள் பொன் விகிதம் என்று போற்றினார்கள்" என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளைகள் இந்த ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி அளப்போம். ஓவியத்தில் ஐயமில்லாமல் அளக்கக்கூடியது ஒன்றே ஒன்று, அதன் நீள அகலம். அதிலிருந்தே தொடங்கலாம்.

மோனா லிசா பாப்லர் மரப்பலகையில் வரைந்தது. பழைய நூல்கள் 77-க்கு 53 சென்டிமீட்டர் என்று தரும். பலகையை முழுதாக அளந்தால் 79.4-க்கு 53.4. முதல் அளவின் விகிதம் 1.45, இரண்டாவதன் விகிதம் 1.49. ஒரே ஓவியத்துக்கு இரண்டு விகிதம் வருவதைக் கவனியுங்கள். வண்ணம் பூசிய பரப்பை அளக்கிறோமா, பலகையை அளக்கிறோமா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் 1.618-ஐ நெருங்கவில்லை. 53 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பொன் விகிதம் வேண்டுமானால் உயரம் ஏறக்குறைய 86 இருந்திருக்க வேண்டும். "யாரோ ஓரத்தை வெட்டியிருப்பார்கள்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பலகையின் ஓரத்தில் வண்ணம் படாத விளிம்பு இன்னும் இருக்கிறது. பின்னால் வெட்டியிருந்தால் அது போயிருக்கும்.

லியனார்டோ டாவின்சியின் இன்னொரு பெரிய ஓவியமான மிலான் 'இறுதி இராவுணவு' 880-க்கு 460. விகிதம் 1.91.

சட்ட அளவில் ஓவியனுக்கே சில சமயம் பங்கு இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கடைகளில் கித்தானை எண் சொல்லி வாங்குவார்கள். 30-ஆம் எண் கித்தான் என்றால் நீளம் 92 சென்டிமீட்டர். உருவப் படத்துக்கான வகையில் அகலம் 73, நிலக்காட்சிக்கு 65, கடற்காட்சிக்கு 60. மூன்றின் விகிதங்களும் 1.26, 1.42, 1.53. வான் கோ 'விண்மீன் இரவை' வரைந்தது இந்த முதல் அளவை ஒட்டிய கித்தானில். அந்தச் சட்டத்தில் ஏதேனும் இரகசியம் இருந்தால் அது கடைக்காரரின் இரகசியம்.

இப்போது எனக்கு எதிரான சாட்சியை நானே கூப்பிடுகிறேன். புளோரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு'. சுமார் 1485-இல் வரைந்தது. சிப்பியின் மேல் நின்று கரைக்கு வரும் வீனஸ், உங்கள் எல்லோருக்கும் தெரியும். உயரம் 172.5, அகலம் 278.5. வகுத்துப் பாருங்கள், 1.6145 வரும். பொன் விகிதத்திலிருந்து கால் சதவீதம்கூட விலகவில்லை. அகலத்தை 278.9 என்று தரும் நூல்களும் உண்டு. அதன்படி 1.617, இன்னும் நெருக்கம். இதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் போடுவோம். 172.5 உயரத்துக்குச் சரியான பொன் விகித அகலம் 279.1. தச்சர் ஒருவர் எளிமையாக எட்டுக்கு ஐந்து என்று சட்டம் அடித்திருந்தால் 276.0 வரும். இரண்டுக்கும் இடையில் 3.1 சென்டிமீட்டர். ஓவியம் 279-க்கு அருகில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு துண்டுகளை ஒன்றாகத் தைத்த கித்தான். ஐந்து நூற்றாண்டுகளாகச் சட்டத்தில் இழுபட்டு நிற்கும் துணி. உயரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும், அதாவது தொடக்கத்தில் அது 173.5 இருந்திருந்தாலும், விகிதம் 1.605-க்கு இறங்கி எட்டுக்கு ஐந்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் என்பது கித்தானின் ஓரத்தில் ஆணி அடிக்க மடிக்கும் மடிப்பைவிடக் குறைவு.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே போட்டிசெல்லி சில ஆண்டுகளுக்கு முன் வரைந்த 'வசந்தம்' ஏறத்தாழ 203-க்கு 314. விகிதம் 1.55. அதற்குப் பொன் விகிதம் வேண்டுமென்றால் பதினான்கு சென்டிமீட்டருக்கு மேல் போதவில்லை. வசந்தத்தை எந்தச் சுருள்காரரும் கைபேசியில் காட்டமாட்டார். கிடைத்ததைக் காட்டுவதும் கிடைக்காததை மறைப்பதும் மோசடி என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இரண்டாவதை அளந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

சட்டத்தை விட்டு உள்ளே போனால் சிக்கல் பெரிதாகிறது. வீனஸின் தொப்புள் அவள் உயரத்தைப் பொன் விகிதத்தில் வெட்டுகிறது என்பார்கள். ஒரு அச்சுப்படியை எடுத்துக்கொள்வோம். அதில் அவள் உருவம் 20 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன் வெட்டு பாதத்திலிருந்து 12.36-இல் விழும். எட்டில் ஐந்து பங்கு 12.5-இல் விழும். இடைவெளி 1.4 மில்லிமீட்டர். இப்போது அளக்க உட்காருங்கள். அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உச்சி என்பது முடியின் மேல் விளிம்பா, மண்டை எங்கே இருக்கும் என்று நாம் ஊகிக்கும் இடமா? ஒரு காலில் எடையை வைத்து உடலை வளைத்து நிற்கிறாள். கீழ்ப்புள்ளி குதிகாலா, கட்டைவிரலா? செங்குத்தாக அளப்பதா, உடல் சாய்வோடு அளப்பதா? இந்தக் கேள்வி ஒவ்வொன்றிலும் 1.4 மில்லிமீட்டரைவிடப் பெரிய தடுமாற்றம் ஒளிந்திருக்கிறது. அளவுகோல் துல்லியமாக இருந்து பயனில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் மங்கல். அளப்பவர் ஏமாற்ற வேண்டியதே இல்லை. நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்தாலும், விடை முன்பே தெரியும் என்பதால் கை தானாக 12.36 பக்கம் நகர்ந்துவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல்தான். ஓவியத்தில் கண்ணில் படும் இடங்களாக ஒரு பன்னிரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். கண், மூக்கு நுனி, வாய், தோள், கைமுட்டி, தொடுவானம், இப்படி. பன்னிரண்டு புள்ளிகளுக்கு இடையே 66 தூரங்கள் உண்டு. 66 தூரங்களை இரண்டிரண்டாக எடுத்து விகிதம் பார்த்தால் 2,145 விகிதங்கள். ஜார்ஜ் மார்கோவ்ஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் 1992-இல் பொன் விகிதக் கட்டுக்கதைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், இரண்டு சதவீத விலகல் வரை ஒப்புக்கொள்வோம் என்று தாராளமாகவே விட்டுக்கொடுத்தார். அப்படியென்றால் 1.586-க்கும் 1.650-க்கும் இடையில் எது வந்தாலும் "கிடைத்துவிட்டது". தூரங்கள் எந்தத் திட்டமும் இல்லாமல் சிதறிக் கிடந்தாலும், நூற்றுக்கு இரண்டரை விகிதங்கள் தற்செயலாகவே அந்த இடைவெளியில் விழும். 2,145-இல் அது ஐம்பதைத் தாண்டும். ஓவியன் பொன் விகிதத்தைக் கேள்விப்பட்டே இராவிட்டாலும், உங்களுக்கு ஐம்பது பொன் விகிதங்கள் கிடைக்கும். அதில் அழகான நான்கை எடுத்துச் சிவப்புக் கோடு போட்டால் கட்டுரை தயார்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. அதே ஓவியத்தில், அதே புள்ளிகளை வைத்து, 1.7 என்ற விகிதத்தைத் தேடுங்கள். 1.7-க்கு வரலாறும் இல்லை, பக்தர்களும் இல்லை. அதற்கும் அதே இரண்டு சதவீதத்தை அனுமதியுங்கள். ஏறக்குறைய ஐம்பது கிடைக்கும். 1.618-க்கு ஐம்பத்து மூன்றும் 1.7-க்கு ஐம்பதும் கிடைத்தால் ஓவியன் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று பொருள். 1.618-க்கு மட்டும் இருநூறு கிடைத்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஓவியங்களின் நீள அகலத்தை மொத்தமாக அளந்து பார்க்கும் வேலையை முதலில் செய்தவர்களில் ஒருவர், பொன் விகிதத்தின் ஆதரவாளர் என்று நாம் நினைக்கும் மனிதரே. குஸ்டாவ் ஃபெக்னர், ஜெர்மானியர், 1876-இல் அழகியல் பற்றி நூல் எழுதியவர். பத்துச் செவ்வகங்களை மக்கள் முன் வைத்து எது பிடிக்கிறது என்று கேட்டார். மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் பொன் செவ்வகத்தைக் காட்டினார்கள். மனிதக் கண்ணுக்கு இயல்பாகவே பொன் விகிதம் பிடிக்கும் என்று இன்றுவரை எல்லோரும் சொல்வதற்கு வேர் இதுதான். மூன்றில் இரண்டு பேர் வேறு எதையோ காட்டினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அது போகட்டும். அதே ஃபெக்னர் அருங்காட்சியகப் பட்டியல்களிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களின் அளவுகளைத் தொகுத்தார். அகன்ற படங்கள் நாலுக்கு மூன்று பக்கமும், நெடிய படங்கள் ஐந்துக்கு நாலு பக்கமும் குவிந்தன. பொன் செவ்வகத்தைவிடக் குட்டையானவை. அவர் அதை மறைக்காமல் அதே நூலில் அச்சிட்டார். செவ்வகச் சோதனையை மேற்கோள் காட்டும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் அந்தப் பின்னிணைப்பு வரை புரட்டினார்கள் என்று தெரியவில்லை!

சரி, லியனார்டோவுக்குப் பொன் விகிதம் தெரியாதா? தெரியும். லூக்கா பச்சோலி என்ற துறவி 1509-இல் வெனிஸில் அச்சிட்ட 'தெய்வீக விகிதம்' என்ற நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவரே அவர்தான். மாணவர்களின் வாதம் இங்கே ஒரு தாவல் தாவும்: நூலுக்குப் படம் வரைந்தார், ஆகவே ஓவியத்திலும் பயன்படுத்தினார். அவர் வரைந்தவை பன்முகத் திண்மங்கள், கட்டைகளாகவும் கூடுகளாகவும். பச்சோலி அந்த விகிதத்தைத் தெய்வீகம் என்று கொண்டாடினாரே தவிர, ஓவியர்களுக்கு அதைக் கட்டுமான விதியாகக் கொடுக்கவில்லை. கட்டடக்கலைப் பகுதிக்கு வரும்போது விட்ருவியஸைப் பின்பற்றி முழு எண் விகிதங்களையே பேசினார். லியனார்டோவின் 'விட்ருவிய மனிதன்' படத்தைச் சுற்றி அவர் கையால் எழுதிய குறிப்பிலும் பின்னங்கள்தான்: தலை உயரத்தில் எட்டில் ஒன்று, பாதம் ஏழில் ஒன்று, தோள் அகலம் நாலில் ஒன்று. பட்டறையில் வேலை செய்பவனுக்கு முழு எண்தான் கைக்கு வசதி. நம் ஸ்தபதிகளின் நவதாளக் கணக்கும் 108 அங்குலம் என்று முழு எண்ணில்தானே நிற்கிறது.

உடலிலும் ஓவியத்திலும் எங்கும் பொன் விகிதத்தைக் காணும் பழக்கத்தைப் பெரிதாகத் தொடக்கிவைத்தவர் 1854-இல் நூல் எழுதிய அடால்ஃப் செய்சிங். லியனார்டோ இறந்து முந்நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

ஓவியன் உண்மையிலேயே வடிவியலைப் பயன்படுத்தியிருந்தால் அது தடம் விட்டிருக்கும். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 'இறுதி இராவுணவு' சுவரோவியத்தில் இயேசுவின் நெற்றிப்பொட்டுக்கு அருகே ஓர் ஆணித் துளை இருக்கிறது. அறையின் சுவர்க்கோடுகளும் கூரைக்கோடுகளும் நீட்டினால் வந்து சேரும் மறைபுள்ளி அது. அங்கே ஆணி அடித்து நூல் கட்டி, கோடுகளைச் சுவரில் இழுத்திருக்கிறார். இங்கே எந்தச் சுருளும் தேவையில்லை, இரண்டு சதவீத விட்டுக்கொடுப்பும் தேவையில்லை. கோடுகள் எங்கே கூடுகின்றன என்று முன்கூட்டியே கணிக்கலாம், கணித்த இடத்தில் துளை இருக்கிறது. பொன் வெட்டையும் கவராயத்தால் சுலபமாகப் போடலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுவான். அப்படிப் போட்டிருந்தால் கவராய முனை குத்திய புள்ளி, கீறிய கோடு, அகச்சிவப்புப் படத்தில் தெரியும் அடிக்கோடு என ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அல்லது ஓவியன் எழுதிய குறிப்பாவது இருக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் சோரா பொன் விகிதத்தில் கட்டினார் என்பதும் பாடநூல்களில் பரவிக்கிடக்கிறது. அவருடைய 'சர்க்கஸ் முகப்பு' 150-க்கு 99.7, மூன்றுக்கு இரண்டு. ரோஜர் ஹெர்ஸ்-ஃபிஷ்லர் என்ற கணிதவியலாளர் சோராவின் குறிப்புகளையும் வரைவுகளையும் தேடிப்பார்த்து, அந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். சோராவின் மேல் அதை ஏற்றிச் சொன்னவர்களில் முக்கியமானவர் மத்திலா கிகா என்ற ருமேனிய எழுத்தாளர்.

கிகாவின் பெயர் வந்ததால், பொன் விகிதத்தை உண்மையாகவே தெரிந்து கையாண்ட ஓவியருக்கு வருவோம். சால்வதோர் தாலி. அவர் கிகாவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1948-இல் வெளியிட்ட ஓவிய நுட்ப நூலில் பொன் வெட்டைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் 1955-ஆம் ஆண்டு 'இறுதி இராவுணவின் திருவருட்சாதனம்' ஓவியத்தில் இயேசுவைச் சூழ்ந்து பன்னிருமுகியின் ஐங்கோணச் சட்டங்கள் தெரியும். ஐங்கோணத்தின் மூலைவிட்டத்தைப் பக்கத்தால் வகுத்தால் பொன் விகிதம் வரும். இங்கே எழுத்தும் இருக்கிறது, உருவமும் இருக்கிறது.

அந்தக் கித்தானின் அளவு 166.7-க்கு 267. வகுத்தால் 1.602. பொன் விகிதத்துக்கு அகலம் 269.7 இருந்திருக்க வேண்டும். 2.7 சென்டிமீட்டர் குறைவு, விலகல் ஒரு சதவீதம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொன் விகிதம் பற்றி எழுதியே வைத்த தாலியின் கித்தான் ஒரு சதவீதம் விலகுகிறது. அது பற்றி ஒரு வரியும் விட்டுப்போகாத போட்டிசெல்லியின் கித்தான் கால் சதவீதத்துக்குள் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் போட்டிசெல்லியைப் பிடித்துத் தாலியை விட்டுவிடுவோம். தாலி விஷயத்தில் நம்மை நம்பவைப்பது 1.602 அல்ல, அவருடைய நூலும் அந்தப் பன்னிருமுகியும்தான்.

இங்கே ஒரு மாணவி கை தூக்குகிறார். "அப்ப நாங்க பொன் விகிதத்துல வரையக் கூடாதா சார்?" தாராளமாக வரையுங்கள் அம்மா. தாலி செய்தார், நீங்களும் செய்யலாம். படத்தை நூற்றில் அறுபத்திரண்டாவது பங்கில் பிரித்தால் மையத்திலிருந்து விலகியும் ஓரத்தில் ஒட்டாமலும் ஒரு நல்ல இடம் கிடைக்கும். அறுபதிலும் அறுபத்தைந்திலும்கூட அதே போன்ற நல்ல இடம் கிடைக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பக்கத்து அறையில் நான்கு ஓவியங்களின் அச்சுப்படிகளை மேசையில் விரித்து வைத்திருக்கிறோம். அளவுகோல்களை இப்போதைக்கு நான் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒவ்வொருவரும் எந்தப் பன்னிரண்டு புள்ளிகளை அளக்கப்போகிறீர்கள், எத்தனை சதவீதம் விலகலை ஒப்புக்கொள்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பாதிப் பேர் 1.618 தேடுங்கள், பாதிப் பேர் 1.7. தாளைக் கொடுத்தவருக்குத்தான் அளவுகோல்.